பூஜ்யம் வந்த பிறகு அனுப்புங்கள்

மளிகைக் கடையில் புதிதாகச் சேர்ந்தவருக்குத் தராசும் பில் மெஷினும் சரக்கு அடுக்கும் இடமும் முதல் வாரத்திலேயே பழகிவிடும். அடுத்த வாரம் எக்செல் ஷீட் கைக்கு வரும். "சனிக்கிழமை ராத்திரி கடை அடைச்சதும் இதை நிரப்பி அண்ணாச்சிக்கு வாட்ஸப்புல போட்டுடு தம்பி" என்பார் பழைய ஆள். எந்த எண்ணை எங்கே போட வேண்டும் என்றும் காட்டிவிடுவார். ஆனால் கட்டங்களுக்குள் இருக்கும் ஃபார்முலா தன் வேலையைச் செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

அந்த ஷீட்டை வைத்துத்தான் அண்ணாச்சி திங்கட்கிழமை மொத்த வியாபாரியிடம் ஆர்டர் சொல்வார். வங்கியில் ஓடி வாங்கியிருந்தால், அதன் கடைசி வரியில் இருக்கும் சரக்கு மதிப்புதான் மாதாமாதம் வங்கிக்குப் போகும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் ஏறும். வங்கி அதிலிருந்து மார்ஜினைக் கழித்துக்கொண்டுதான் எவ்வளவு எடுக்கலாம் என்று முடிவு செய்கிறது. மார்ச் 31 அன்று அதே எண் குறைவாக இருந்தால் அந்த வருட லாபமும் அதே அளவு குறைந்து தெரியும். ஆகவே அனுப்பும் முன் பத்து நிமிடம் செலவழிப்பது நியாயம்தான். அந்தப் பத்து நிமிடத்தில் எதைப் பார்ப்பது என்பதற்கு ஒரு சின்ன ஷீட்டையே எடுத்துக்கொள்வோம். நிஜக் கடையில் நானூறு பொருள் இருக்கும். இங்கே எட்டு போதும். விலைகள் உதாரணத்துக்கு மட்டும்.

| வரிசை | A பொருள் | B ஆரம்ப இருப்பு | C வரவு | D விற்பனை | E சேதம் | F கையிருப்பு | G அடக்க விலை | H மதிப்பு |
|---|---|---|---|---|---|---|---|---|
| 2 | துவரம் பருப்பு (கிலோ) | 60 | 100 | 112 | 1 | 47 | 140 | 6,580 |
| 3 | பொன்னி அரிசி (கிலோ) | 200 | 300 | 355 | 2 | 143 | 58 | 8,294 |
| 4 | சர்க்கரை (கிலோ) | 80 | 100 | 136 | 1 | 48 | 43 | 2,064 |
| 5 | கடலை எண்ணெய் (லிட்டர்) | 30 | 48 | 52 | 0 | 26 | 190 | 4,940 |
| 6 | தேங்காய் எண்ணெய் (லிட்டர்) | 18 | 24 | 27 | 0 | 15 | 300 | 4,500 |
| 7 | காபித்தூள் (பாக்கெட்) | 24 | 36 | 41 | 0 | 19 | 110 | 2,090 |
| 8 | ராகி மாவு (பாக்கெட்) | 0 | 40 | 12 | 1 | 27 | 32 | 864 |
| 9 | நல்லெண்ணெய் (பாட்டில்) | 0 | 20 | 6 | 0 | 14 | 170 | 2,380 |
| 10 | மொத்தம் | | | | | | | 28,468 |

கையிருப்பு என்பது ஆரம்ப இருப்பும் வரவும் கூட்டி, விற்பனையும் சேதமும் கழித்தது. மதிப்பு என்பது கையிருப்பை அடக்க விலையால் பெருக்கியது. ஷீட்டில் எங்கும் சிவப்பு இல்லை, `#VALUE!` போன்ற பிழைக்குறி இல்லை, பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனாலும் இதற்குள் நான்கு தவறுகள் இருக்கின்றன. பிழைக்குறி காட்டும் கட்டத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது தானே கூப்பிட்டுச் சொல்லிவிடும். பேசாமல் இருக்கும் தவறுகளைத்தான் நாம் தேடிப் போக வேண்டும்.

முதலில் மொத்தம். H2 கட்டத்தில் அழுத்தி, விரலை எடுக்காமல் H9 வரை இழுங்கள். எக்செல் திரையின் அடிப்பட்டையில் `Sum` என்று ஒரு எண் தெரியும். கூகுள் ஷீட்ஸிலும் கீழே வலது மூலையில் அதே எண் வரும். நம் ஷீட்டில் அது 31,712 காட்டுகிறது. மொத்தக் கட்டத்திலோ 28,468 இருக்கிறது. வித்தியாசம் 3,244. ராகி மாவின் 864-ஐயும் நல்லெண்ணெயின் 2,380-ஐயும் கூட்டிப் பாருங்கள், சரியாக அதே எண். மொத்தக் கட்டத்தைத் தொட்டால் காரணம் மேலே தெரியும்:

```
=SUM(H2:H7)
```

இந்த வாரம் புதிதாக வந்த இரண்டு பொருளையும் மொத்தத்துக்கு மேலே வரிசை சேர்த்து எழுதியிருக்கிறார்கள். கூட்டல் மட்டும் பழைய ஏழாம் வரிசையோடு நின்றுவிட்டது. பட்டியலின் நடுவே வரிசை சேர்த்தால் கூட்டலின் எல்லை தானே நீளும். கடைசிப் பொருளுக்கும் மொத்தத்துக்கும் இடையில் சேர்த்தால் சில சமயம் எக்செல் நீட்டிக்கொள்ளும், சில சமயம் நீட்டாது. அந்தச் 'சில சமயம்'தான் ஆபத்து. நாலு வாரம் சரியாக வந்ததைப் பார்த்தவர் ஐந்தாம் வாரம் பார்க்காமல் விட்டுவிடுவார்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-இல் நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பல நாடுகளில் கொள்கை விவாதங்களில் அது மேற்கோள் காட்டப்பட்டது. 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அவர்களுடைய ஷீட்டையே வாங்கித் திறந்து பார்த்தார். சராசரி எடுக்கும் ஃபார்முலா 49-ஆம் வரிசை வரை போகாமல் 44-ஆம் வரிசையிலேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என ஐந்து நாடுகள் கணக்கில் சேரவில்லை. அந்த ஆய்வின் மீது வேறு விமர்சனங்களும் எழுந்தன என்றாலும், இந்த ஒன்று நம் ராகி மாவுக்கு நேர்ந்த அதே கதைதான்.

இதற்கு நிரந்தரமான வழி ஒன்று உண்டு. கடைசிப் பொருளுக்குக் கீழே ஒரு வரிசையைக் காலியாக விட்டு, அந்தக் காலி வரிசையையும் கூட்டலுக்குள் சேர்த்துவிடுங்கள். நம் ஷீட்டில் பத்தாம் வரிசை காலியாகும், மொத்தம் பதினொன்றுக்கு இறங்கும், ஃபார்முலா `=SUM(H2:H10)` ஆகும். புதுப் பொருள் வந்தால் காலி வரிசைக்கு மேலே மட்டும் வரிசை சேர்க்க வேண்டும். அப்போது அது எப்போதும் எல்லைக்கு நடுவில் விழும், கூட்டலும் தவறாமல் நீளும். அந்தக் காலி வரிசைக்கு லேசாக நிறம் பூசி, 'இதற்கு மேலே சேர்க்கவும்' என்று A கட்டத்தில் எழுதிவைத்தால் அடுத்து வரும் ஆளுக்கும் விளங்கும்.

மொத்தம் சரியாகிவிட்டது. ஆனால் மொத்தத்துக்குள் போகும் ஒவ்வொரு வரிசையும் சரியா? நானூறு வரிசையையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க முடியாது. அதற்குப் பதில் அதே எண்ணுக்கு வேறொரு பாதையில் போய்ச் சேர வேண்டும். கையிருப்புகளை எல்லாம் கூட்டினால் வருவதும், ஆரம்ப இருப்பு மொத்தத்தோடு வரவு மொத்தத்தைக் கூட்டி விற்பனை மொத்தத்தையும் சேத மொத்தத்தையும் கழித்தால் வருவதும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இரண்டையும் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். ஷீட்டின் ஓரமாக ஒரு கட்டத்தில் இதை எழுதிவையுங்கள்:

```
=ROUND(SUM(B2:B10)+SUM(C2:C10)-SUM(D2:D10)
 -SUM(E2:E10)-SUM(F2:F10),2)
```

கிலோவையும் லிட்டரையும் பாக்கெட்டையும் ஒன்றாகக் கூட்டுவதில் என்ன அர்த்தம் என்று தோன்றலாம். கூட்டி வரும் எண்ணுக்கு அர்த்தம் இல்லைதான். நாம் அந்த எண்ணைப் பயன்படுத்தப் போவதும் இல்லை. இரண்டு பாதையும் ஒரே இடத்துக்கு வருகின்றனவா என்பதுதான் கேள்வி. `ROUND` எதற்கென்றால், சில்லறையாக 0.1 கிலோ, 0.35 கிலோ என்று போகும் பொருள்களைக் கம்ப்யூட்டர் கூட்டும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்கு எண் மிஞ்சி, பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் வேறென்னவோ காட்டும். இரண்டு தசம இடத்தோடு நிறுத்திவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

நம் ஷீட்டில் இந்தக் கட்டம் −53 காட்டுகிறது. 53 என்ற எண் ஷீட்டில் எங்குமே கிடையாது. அப்படியானால் ஒன்றுக்கு மேற்பட்ட தவறுகள் சேர்ந்து இந்த எண்ணைத் தந்திருக்கக்கூடும். ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும்.

பிற இடத்திலிருந்து ஒட்டப்பட்ட எண்களிலிருந்து தொடங்குங்கள். வரவு எண்களைப் பல கடைகளில் மொத்த வியாபாரி அனுப்பிய வாட்ஸப் செய்தியிலிருந்தோ பில் மென்பொருள் தந்த கோப்பிலிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். அப்படி வரும்போது சில எண்கள் எண்ணாக வராமல் எழுத்தாக வந்து உட்காரும். கண்ணுக்கு 48 என்றுதான் தெரியும். ஆனால் எண் என்றால் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து என்றால் இடப்பக்கம். நடுவில் நிறுத்தும்படி யாராவது அமைத்துவைத்திருந்தால் இந்தத் துப்பும் கிடைக்காது. எக்செல்லில் கட்டத்தின் மூலையில் சிறு பச்சை முக்கோணம் தெரியலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பக்கத்துக் காலிக் கட்டத்தில் `=ISNUMBER(C2)` என்று எழுதிக் கீழே வரை இழுங்கள். `FALSE` வரும் இடம்தான் குற்றவாளி. இங்கே கடலை எண்ணெயின் 48-க்கு `FALSE` வருகிறது.

இதில் புதியவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று இருக்கிறது. கடலை எண்ணெயின் கையிருப்பு 26 என்று சரியாகவே இருக்கிறதே, எழுத்தாக இருந்தால் எப்படிச் சரியாக வந்தது? `=B5+C5-D5-E5` என்று கூட்டல் குறி போட்டு எழுதினால் எழுத்தாக இருக்கும் 48-ஐயும் எக்செல் எண்ணாக மாற்றிக்கொண்டு கூட்டிவிடும். `SUM` அப்படிச் செய்யாது, எழுத்தைக் கண்டால் தாண்டிப் போய்விடும். அதனால் வரிசையில் கணக்கு சரியாகவும் மொத்தத்தில் 48 குறைவாகவும் வருகிறது. அதே வரிசையை யாராவது `=SUM(B5:C5)-D5-E5` என்று எழுதியிருந்தால் கையிருப்பு −22 என்று வந்திருக்கும். கடையில் எண்ணெய் மைனஸில் இருக்க முடியாது. கையிருப்புப் பத்தியில் மைனஸ் கண்டால் வேறெதையும் பார்ப்பதற்கு முன் அந்த வரிசையைத்தான் பார்க்க வேண்டும்.

எழுத்தாக உள்ள கட்டத்தின் ஃபார்மேட்டை எண் என்று மாற்றினால் மட்டும் போதாது. உள்ளே இருப்பது எழுத்தாகவே இருக்கும். பச்சை முக்கோணம் இருந்தால் பக்கத்தில் வரும் மஞ்சள் குறியைத் தொட்டு `Convert to Number` கொடுங்கள். இல்லையென்றால், ஃபார்மேட்டை மாற்றிய பின் எண்ணை மறுபடி தட்டுங்கள். அப்படிச் செய்ததும் நம் சோதனைக் கட்டம் −53-லிருந்து −5 ஆகிறது.

மீதி ஐந்து எங்கே? இப்போது விசைப்பலகையில் `Ctrl` விசையை அழுத்திக்கொண்டு, எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள `` ` `` குறியைத் தட்டுங்கள். கட்டங்களில் எண்கள் மறைந்து ஃபார்முலாக்கள் தெரியும். கூகுள் ஷீட்ஸிலும் கம்ப்யூட்டரில் இது வேலை செய்யும். கைப்பேசியில் இதற்கு வழியில்லாததால், நிரப்புவது கைப்பேசியில் என்றாலும் சரிபார்ப்பதைக் கடைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். F பத்தியை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தால் ஒரே மாதிரி வரிகள் அடுக்கடுக்காக வரும்:

```
=B2+C2-D2-E2
=B3+C3-D3-E3
48
=B5+C5-D5-E5
```

சர்க்கரைக் கட்டத்தில் ஃபார்முலா இல்லை, 48 என்ற வெறும் எண் இருக்கிறது. நடந்தது இதுதான். காலையில் யாரோ சர்க்கரையை எடைபோட்டிருக்கிறார்கள். 48 கிலோ இருந்தது, அதைக் கையிருப்புக் கட்டத்திலேயே தட்டிவிட்டார்கள். அப்போது ஃபார்முலாவும் 48 என்றுதான் காட்டியது, ஆகவே ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை. சாயங்காலம் ஐந்து கிலோ விற்று, விற்பனை 131-லிருந்து 136 ஆனது. ஃபார்முலா இருந்திருந்தால் கையிருப்பு 43-க்கு இறங்கியிருக்கும். ஃபார்முலா அழிந்துபோனதால் 48-லேயே நின்றுவிட்டது. இன்றைக்கு ஐந்து கிலோ. கவனிக்காமல் விட்டால் ஒரு மாதம் கழித்து மூட்டை காலியான பிறகும் ஷீட்டில் 48 கிலோ சர்க்கரை இருக்கும். அண்ணாச்சியும் சர்க்கரைக்கு ஆர்டர் போட மாட்டார்.

மேல் கட்டத்தின் ஃபார்முலாவைக் கீழே இழுத்துவிட்டால் சர்க்கரை 43 ஆகும், சோதனைக் கட்டத்தில் பூஜ்யம் வரும், மதிப்பு மொத்தம் 31,497 ஆகும். கையால் எண்ணிப் பார்த்த அளவைப் போடுவதற்குத் தனிப் பத்தி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கைக்கும் கையிருப்புக்கும் வித்தியாசம் வந்தால் அது முதலாளிக்குத் தெரிய வேண்டிய செய்தி. கையிருப்புக் கட்டத்தின் மேலேயே எழுதினால் அந்தச் செய்தி அழிந்துவிடுகிறது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிழைக்குறி வருவது அசிங்கமாக இருக்கிறது என்று சிலர் ஃபார்முலாவை `=IFERROR(B5+C5-D5-E5,0)` என்று மாற்றிக் கொடுப்பார்கள். யாராவது வரவில் '48 லி' என்று எழுதினால், `#VALUE!` என்று கத்த வேண்டிய கட்டம் அமைதியாக பூஜ்யம் காட்டும். சரக்கு ஷீட்டில் இந்த அலங்காரம் வேண்டவே வேண்டாம்.

இனி நான்காவது தவறு. அது சோதனைக் கட்டத்துக்குத் தெரியாது, எந்த ஃபார்முலாவும் அதைக் காட்டாது. பொன்னி அரிசி வரவு 300 கிலோ என்று இருக்கிறது. வந்தது 12 மூட்டை. மூட்டைக்கு 25 கிலோ என்று பெருக்கிப் போட்டிருக்கிறார்கள். ஆனால் 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையுள்ள பொதிந்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததையடுத்து, தமிழ்நாட்டுச் சந்தையில் 26 கிலோ மூட்டைகள் இறங்கின. இந்தக் கடைக்கு வந்ததும் 26 கிலோ மூட்டைதான். உண்மையான வரவு 312 கிலோ. ஷீட்டில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரி, சோதனைக் கட்டத்திலும் பூஜ்யம். கடையில் மட்டும் 12 கிலோ அரிசி அதிகம்.

இதைப் பிடிக்கக் குடோனுக்குத்தான் போக வேண்டும். ஐந்து முழு மூட்டை, லேபிளில் 26 கிலோ. பிரித்த மூட்டையைத் தராசில் வைத்தால் 25 கிலோ. ஆக 155. ஷீட்டில் 143. வித்தியாசம் சரியாக 12, வந்த மூட்டைகளின் எண்ணிக்கையும் 12 என்று பார்த்ததும் மூட்டைக்கு ஒரு கிலோ விட்டுப்போனது விளங்கிவிடும். வரவை 312 ஆக்கினால் அரிசியின் மதிப்பு 696 ரூபாய் கூடி, மொத்தம் 32,193-க்கு வருகிறது. முதலில் அனுப்பப்போன எண் 28,468. எட்டே பொருளில் 3,725 ரூபாய் வித்தியாசம்.

எல்லாப் பொருளையும் ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ண முடியாது, தேவையும் இல்லை. மதிப்பில் பெரிய பொருள் ஒன்று, இந்த வாரம் புதிதாக வந்த பொருள் ஒன்று, மூட்டையாக வந்து கிலோவாகப் போகும் பொருள் ஒன்று என மூன்றை எடுத்துப் பாருங்கள். வாரத்துக்கு வாரம் பொருளை மாற்றிக்கொள்ளுங்கள். அலகு தவறுகள் பெரும்பாலும் மூன்றாவது வகையில்தான் ஒளிந்திருக்கும். மூட்டை, டின், பெட்டி என்று வந்து கிலோவாகவும் லிட்டராகவும் போகும் ஒவ்வொரு பொருளுக்கும் 'மூட்டைக்கு எவ்வளவு' என்று தனிப் பத்தி போட்டு, லேபிளைப் பார்த்து எழுதி, பெருக்குவதை ஷீட்டிடம் விட்டுவிடுவது இன்னும் நல்லது.

ஆரம்ப இருப்பையும் மறந்துவிடாதீர்கள். இந்த வார ஷீட்டின் B பத்தி, போன வார ஷீட்டின் F பத்தியேதான். இரண்டின் கூட்டுத்தொகையும் ஒன்றா என்று பார்த்தால் போதும். அது பொருந்தாவிட்டால், யாரோ பெயர்ப் பத்தியை மட்டும் அகர வரிசைப்படி அடுக்கியிருக்கிறார்களா என்று தேடாதீர்கள். அப்படி அடுக்கினால் எண்கள் வேறு பொருளுக்குப் போய்விடுமே தவிர கூட்டுத்தொகை மாறாது. அந்தத் தவறைப் பிடிக்க, இரண்டு ஷீட்டிலும் நாலைந்து பொருளின் அடக்க விலையை ஒப்பிட வேண்டும். காபித்தூளுக்கு நேரே 58 ரூபாய் இருந்தால் புரிந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதோடு நிறுத்தாமல் கோப்பையே அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் ஃபார்முலா தெரியாது. கூடவே இரண்டு வரி எழுதுங்கள். "அண்ணாச்சி, இந்த வார ஷீட். மொத்தம் 32,193. சோதனை பூஜ்யம். அரிசி, ராகி மாவு, கடலை எண்ணெய் எண்ணிப் பார்த்தேன். அரிசி வரவு 26 கிலோ மூட்டைக் கணக்கில் திருத்தியிருக்கேன், போன வாரம் வந்த மூட்டையும் 26-ஆ என்று பில் பார்க்கணும்." திருத்திய இடத்தைச் சொல்லாமல் அனுப்பினால், போன வார எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது அவருக்குக் குழப்பம் வரும்.

சில சனிக்கிழமைகளில் எவ்வளவு தேடினாலும் பூஜ்யம் வராது, மணியும் பதினொன்றைத் தாண்டியிருக்கும். அப்போது சேதம் பத்தியில் ஏதோ ஒரு பொருளுக்கு நேரே அந்த வித்தியாசத்தைப் போட்டுச் சரிக்கட்ட வேண்டாம். சேதம் என்று எழுதினால் அது எலி கடித்ததாகவோ பாக்கெட் கிழிந்ததாகவோதான் கணக்கில் நிற்கும், பிறகு யாரும் அதைத் தேட மாட்டார்கள். சோதனைக் கட்டத்துக்கு மஞ்சள் நிறம் கொடுத்து, "மூன்று வித்தியாசம் வருது, B-யும் E-யும் பார்த்துட்டேன், C-யை நாளைக்குக் காலையில பில் வச்சுப் பார்க்கிறேன்" என்று எழுதி அப்படியே அனுப்புங்கள்.